மூன்று கதவுப் புதிர்: தொகுப்பாளரை விட்டுவிட்டு விரிதாள் போடாதீர்கள்

மூன்று மூடிய கதவுகள். ஒன்றுக்குப் பின்னால் கார், மற்ற இரண்டுக்கும் பின்னால் ஆடு. கார் கிடைத்தால் வெற்றி. நீங்கள் ஒரு கதவைச் சொல்கிறீர்கள். எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த தொகுப்பாளர், நீங்கள் தொடாத இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்கிறார்.

மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. 1990-ல் அமெரிக்காவில் மெரிலின் வாஸ் சாவன்ட் தன் பத்திரிகைப் பத்தியில் இதை எழுதியபோது, கணிதம் கற்பிப்பவர்கள் உட்படப் பலர் அவர் தவறு என்று கடிதம் போட்டார்கள். நான் நிகழ்தகவு நடத்தும் வகுப்புகளிலும் "மீதி இரண்டு கதவுதானே, பாதிக்குப் பாதி" என்ற எதிர்ப்பு தவறாமல் எழும். அதற்கு வாதத்தைவிட விரிதாள் நல்ல பதில்.

ஆனால் மாணவர்கள் போட்டுக்கொண்டு வரும் விரிதாள்களில் ஒரு குறையை அடிக்கடி பார்க்கிறேன். கார் எங்கே, என் தேர்வு எது என்று இரண்டு நெடுவரிசை இருக்கும். அடுத்து, இரண்டும் ஒன்றானால் "மாற்றாதவர் வென்றார்", இல்லையென்றால் "மாற்றியவர் வென்றார்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். விடை சரியாகத்தான் வரும். ஆனால் தொகுப்பாளர் கதவைத் திறக்கவே இல்லை. சந்தேகப்படுபவர் கேட்பதே அந்தக் கதவைப் பற்றித்தான். அதை விட்டுவிட்ட தாள் அவருக்கு எதையும் நிரூபிக்காது.

எனவே தொகுப்பாளரையும் தாளுக்குள் கொண்டுவருவோம். முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டு, A2 முதல் F2 வரை வரிசையாக இவற்றை இடுங்கள்:

```
=RANDBETWEEN(1,3)
=RANDBETWEEN(1,3)
=IF(A2=B2,MOD(B2+RANDBETWEEN(0,1),3)+1,6-A2-B2)
=6-B2-C2
=IF(B2=A2,1,0)
=IF(D2=A2,1,0)
```

A கார் இருக்கும் கதவு, B உங்கள் தேர்வு, C தொகுப்பாளர் திறப்பது, D மாற்றினால் கிடைப்பது. E மாற்றாதவரின் வெற்றி, F மாற்றியவரின் வெற்றி.

உயிர் இருப்பது C-யில். மூன்று கதவு எண்களின் கூட்டுத்தொகை 6. கார் 2-ல் இருக்க, நீங்கள் 1-ஐச் சொன்னால், தொகுப்பாளருக்கு மிஞ்சுவது 6-2-1, அதாவது 3 மட்டும்தான். அவருக்கு வேறு வழியே இல்லை. 3-ஐத் திறந்து, மாற்றுபவரை நேராகக் காரிடம் அனுப்பிவிடுகிறார். நீங்கள் முதலிலேயே காரைத் தொட்டிருந்தால் மட்டுமே அவருக்கு இரண்டு கதவில் எதையும் திறக்கும் சுதந்திரம் உண்டு. அந்த இடத்தில்தான் MOD பகுதி நாணயம் சுண்டுவதுபோல ஒன்றை எடுக்கிறது.

இந்த வரிசையை 1001 வரை இழுத்து நகலெடுங்கள். வெற்று செல்கள் இரண்டில்:

```
=AVERAGE(E2:E1001)
=AVERAGE(F2:F1001)
```

முதலாவது 0.33-ஐ ஒட்டியும் இரண்டாவது 0.67-ஐ ஒட்டியும் நிற்கும். எக்செலில் F9-ஐ அழுத்தினால் ஆயிரம் ஆட்டமும் புதிதாக ஆடப்படும். மாற்றியவரின் எண் பெரும்பாலும் 0.64-க்கும் 0.70-க்கும் இடையே அசையும். வெறும் 30 வரிசையோடு நிறுத்தினால் அதே எண் 0.5-க்கும் இறங்கலாம், 0.8-ஐயும் தாண்டலாம். அதைப் பார்த்து "பாதிதான்" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவர்களிடம் வரிசைகளைக் கூட்டச் சொல்லுங்கள்.

இரண்டு சராசரியும் 0.33 பக்கமே நின்றால், C-யைப் பாருங்கள். காரைப் பற்றிய நிபந்தனை இல்லாமல் இப்படி எழுதியிருப்பீர்கள்:

```
=MOD(B2+RANDBETWEEN(0,1),3)+1
```

இந்தத் தொகுப்பாளருக்குக் கார் எங்கே என்று தெரியாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு ஆட்டத்தில் அவரே காரைத் திறந்துவிடுவார். அந்த ஆட்டங்களில் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் வெற்றி இல்லை. இது அழிக்க வேண்டிய பிழை அல்ல. தனித் தாளில் வைத்துக்கொண்டு, G2-ல் ஆடு தெரிந்த ஆட்டங்களை மட்டும் குறியுங்கள்:

```
=IF(C2=A2,0,1)
```

இதையும் கீழே இழுத்துவிட்டு, அந்த ஆட்டங்களுக்குள் மாற்றியவரின் பங்கைக் கணக்கிடுங்கள்:

```
=SUM(F2:F1001)/SUM(G2:G1001)
```

0.5 பக்கம் வரும். இங்கே பாதிக்குப் பாதி என்பவர் சொல்வது சரியே. இரண்டு தாளிலும் உங்கள் கண்முன் இருப்பது ஒரே காட்சி: திறந்த கதவில் ஆடு, மூடியவை இரண்டு. காரைத் தவறவிட்டு நீங்கள் தேர்ந்த ஆட்டங்களில், அறியாத தொகுப்பாளர் பாதி ஆட்டங்களில் காரையே திறந்துவிடுவதால் அவை கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. அறிந்தவரின் தாளில் அவற்றில் ஒன்றுகூட விழுவதில்லை. ஆகவே புதிரை யாராவது சொன்னால், தொகுப்பாளருக்குக் கார் இருக்கும் இடம் தெரியுமா, எப்போதும் ஆட்டுக் கதவைத்தான் திறப்பாரா என்று முதலில் கேளுங்கள். C-யில் எந்தச் சூத்திரம் வரவேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.