ரிசர்வ் வங்கி விடும் லட்சம் கோடியும் ஓசூர் பட்டறையின் சி.சி. கணக்கும்

"ரிசர்வ் வங்கி பேங்க்குகளுக்கு தினமும் லட்சம் கோடி விடுதுன்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. என் சி.சி. லிமிட்டை மட்டும் ஏத்த மாட்டேங்கறீங்களே சார்?" ஓசூர் சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் 2025 ஜனவரிக் கடைசியில் என்னிடம் கேட்டது இது. சி.சி. லிமிட் என்றால் தொழிலுக்கு வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட் கடனின் உச்ச வரம்பு. கிருஷ்ணகிரி மாவட்டக் கிளைக்கு வருவதற்கு முன் வங்கியின் அன்றாடப் பண இருப்பைக் கவனிக்கும் டிரஷரிப் பிரிவில் இருந்தவன் என்பதால், அந்த லட்சம் கோடி எங்கே போகிறது என்று அவருக்குச் சொல்ல முடிந்தது. அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், வங்கிகளிடம் பணம் ஏன் குறைகிறது என்று பார்ப்போம். பட்டறைக்காரர் ராயக்கோட்டையில் இருக்கும் ஒரு வியாபாரிக்கு 5 லட்சம் அனுப்பினால், அது ஒரு வங்கியில் குறைந்து இன்னொரு வங்கியில் ஏறும். வங்கிகள் மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ரூபாயும் குறையாது. அதே 5 லட்சத்தை அவர் 20-ம் தேதி ஜி.எஸ்.டி.யாகக் கட்டினால் கதை வேறு. எல்லா வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கு உண்டு. மத்திய அரசுக்கும் அங்கேதான் கணக்கு. வரி கட்டியதும் எங்கள் வங்கியின் கணக்கில் 5 லட்சம் கழிந்து, அரசின் கணக்கில் ஏறுகிறது. அரசு அதைச் சம்பளமாகவோ கான்ட்ராக்ட் பில்லாகவோ திரும்பச் செலவு செய்யும் வரை அந்தப் பணம் எந்த வங்கியிடமும் இல்லை. ஓசூரின் பெரிய ஆலைகள், கிருஷ்ணகிரியின் கிரானைட் கம்பெனிகள், நாடு முழுவதும் உள்ள நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் இப்படிக் கட்டும்போது வங்கிகளின் கை வறண்டுவிடும்.

ரொக்கமும் இப்படித்தான். பொங்கலுக்கு முன் தருமபுரி, போச்சம்பள்ளிப் பக்கம் ஏ.டி.எம்.களில் மக்கள் எடுக்கும் நோட்டு, பண்டிகை முடிந்து கணக்குக்குத் திரும்பும் வரை வங்கிக்கு வெளியேதான் இருக்கும்.

2025 ஜனவரியில் இவை இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. ரூபாய் மதிப்பு வேகமாகச் சரியாமல் இருக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. டாலரை வாங்கிய வங்கி அதற்கு ரூபாயில் பணம் கொடுத்தாக வேண்டும். அந்த ரூபாயும் வங்கிகளை விட்டு வெளியேறியது. மாதத்தின் நான்காவது வாரத்தில் பற்றாக்குறை 3 லட்சம் கோடியைத் தாண்டியது. ஜனவரி 16 முதல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ ஏலத்தைத் தினமும் நடத்தத் தொடங்கியது அதனால்தான்.

ஏலத்தில் என்ன நடக்கும் என்பதை ஒரு வங்கியை வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் தொகை இது. இன்று மாலைக்குள் 500 கோடி குறையும் என்று டிரஷரி மேசை கணக்கிடுகிறது. அங்கே இருப்பவர் ஏலத் திரையில் "500 கோடி, 6.55 சதவீதம்" என்று பதிகிறார். அதிக வட்டி தர முன்வருபவர்களுக்கு முதலில் கிடைக்கும்; அவரவர் கேட்ட வட்டியையே அவரவர் கட்ட வேண்டும். ஏலம் கிடைத்தால், வங்கி தன் கையில் உள்ள அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கிக்கு விற்று, மறுநாள் இன்ன விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போதே ஒப்பந்தம் செய்கிறது. பத்திரத்தின் விலை இறங்கினாலும் ரிசர்வ் வங்கிக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்க வேண்டும்; 4 சதவீதம் கூடுதல் என்று வைத்தால் சுமார் 520 கோடி மதிப்புள்ள பத்திரம். ஒரு இரவுக்கு வட்டி ஏறக்குறைய 8.97 லட்சம். மறுநாள் அசலும் வட்டியும் போகும், பத்திரம் திரும்பி வரும்.

ஏலத்தில் கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியே கூடுதல் வட்டிக்கு ஒரு இரவுக்குக் கடன் தரும் எம்.எஸ்.எஃப். என்ற கடைசிக் கதவு இருக்கிறது. அன்று அங்கே வட்டி 6.75. அதே 500 கோடிக்கு 9.25 லட்சம் ஆகும், அதாவது இரவுக்கு 27 ஆயிரம் ரூபாய் சொச்சம் கூடுதல். அந்தக் கதவு இருப்பதால்தான் ஏலத்தில் யாரும் அதற்கு மேல் வட்டி தர முன்வருவதில்லை.

பட்டறைக்காரருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. நாளைக்கே திருப்ப வேண்டிய பணத்தை வைத்து எந்த வங்கியும் ஒரு வருட சி.சி. லிமிட் தராது. அது அன்றைய கணக்கை நேர் செய்ய மட்டுமே. இன்னொரு எல்லையும் உண்டு. வங்கிகள் தங்கள் டெபாசிட் பொறுப்பில் 18 சதவீதத்தைச் சட்டப்படி எஸ்.எல்.ஆர். என்ற பெயரில், பெரும்பாலும் அரசுப் பத்திரமாக, வைத்தாக வேண்டும். ரெப்போவில் கொடுக்க அதற்கு மேல் பத்திரம் வேண்டும். உபரிப் பத்திரம் இல்லாத வங்கிக்கு ஏலம் திறந்திருந்தும் பயனில்லை. அது மற்ற வங்கிகளிடம் கைமாற்று வாங்கும், அல்லது பெரிய தொகை டெபாசிட்டுகளுக்கு வட்டியை ஏற்றும். உங்கள் கம்பெனியின் பெரிய தொகைக்குத் திடீரென்று ஒரு வங்கி கூடுதல் வட்டி சொன்னால், பெரும்பாலும் அது இப்படிப்பட்ட வாரமாகத்தான் இருக்கும்.

தினசரி ஏலம் போதாது என்பதும் அப்போதே தெரிந்தது. வரிப்பணம் அரசுச் செலவாகத் திரும்பி வரும். டாலருக்குக் கொடுத்த ரூபாய் தானாகத் திரும்பி வராது. தினமும் திருப்பிக் கட்டி மறுபடி வாங்குவது அந்த ஓட்டையை அடைக்காது. ஆகவே ஜனவரி 27 அன்று ரிசர்வ் வங்கி 60,000 கோடிக்கு அரசுப் பத்திரங்களை நிரந்தரமாக வாங்குவதாகவும், 50,000 கோடிக்கு 56 நாள் ரெப்போ தருவதாகவும், 500 கோடி டாலரை ரூபாய் கொடுத்து வாங்கிப் பின்னால் திருப்பி விற்கும் ஸ்வாப் செய்வதாகவும் அறிவித்தது. என் பார்வையில் அந்த மாதத்தின் முக்கியமான செய்தி இதுதான், தினசரி லட்சம் கோடி அல்ல.

ஐந்து மாதத்தில் நிலைமை தலைகீழானது. ஜூன் 11 முதல் தினசரி ரெப்போ நிறுத்தப்பட்டது. வங்கிகளிடம் பணம் உபரி. ரிசர்வ் வங்கி அறிவித்த ரெப்போ வட்டி 5.50 என்று இருக்க, வங்கிகள் தங்களுக்குள் ஒரு இரவுக்குக் கொடுத்துக்கொண்ட வட்டி அதற்குக் கீழே இறங்கி நின்றது. தான் சொன்ன வட்டி சந்தையில் நிற்க வேண்டும் என்றால் ரிசர்வ் வங்கி உபரியை உறிஞ்ச வேண்டும். ஜூன் 27 அன்று 7 நாளுக்கு ரிவர்ஸ் ரெப்போ ஏலம் வைத்தது. இதில் வங்கி பணத்தைக் கொடுத்து, ரிசர்வ் வங்கியிடமிருந்து பத்திரம் பெறும். 1 லட்சம் கோடி கேட்டதற்கு 84,975 கோடிதான் வந்தது. வங்கிகள் உபரிப் பணத்தை ரிசர்வ் வங்கியில் ஒரு இரவுக்குப் போட்டு வைக்கும் எஸ்.டி.எஃப்.பில் போட்டால் 5.25 சதவீதம்தான், ஏலத்தில் கிட்டத்தட்ட 5.49, இருந்தும் வங்கிகள் தயங்கின. எஸ்.டி.எஃப். பணம் மறுநாள் காலையிலேயே கைக்கு வந்துவிடும், ஏலத்தில் போட்டது ஒரு வாரம் முடங்கும். மாதக் கடைசியில் எவ்வளவு பணம் வெளியே போகும் என்று உறுதியாகத் தெரியாத டிரஷரி அதிகாரி கால் சதவீத வட்டியை விட்டுக் கொடுத்துவிடுவார். நானும் அதையே செய்திருப்பேன்.

இதை நீங்களே பார்க்கலாம். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பணச்சந்தை நடவடிக்கைகள் குறித்த அறிக்கை தினமும் வருகிறது. அதில் 'கால் மணி' எனப்படும், வங்கிகளுக்கு இடையேயான ஒரு இரவுக் கைமாற்றின் சராசரி வட்டியை ரெப்போ வட்டியோடு ஒப்பிடுங்கள். மேலே இருந்தால் இறுக்கம், கீழே இருந்தால் உபரி. ஏலத்தில் வரும் 6.55, 5.49 போன்ற எண்களை உங்கள் கடன் வட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரெப்போவோடு இணைத்த சிறுதொழில் கடனும் வீட்டுக்கடனும் நகர்வது ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு அறிவிக்கும் ரெப்போ வட்டி மாறும்போதுதான். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கி அதைக் கடனில் சரிசெய்ய வேண்டும். 2025 பிப்ரவரியில் 6.50-லிருந்து 6.25 ஆனபோது, மே மாதத்துக்குப் பிறகும் உங்கள் வட்டி குறையவில்லை என்றால், எந்தத் தேதியில் ரீசெட் என்று கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.