ஜேர்மன் மெசினில் உடுப்புத் தோய்ப்பவர்களுக்கு: பலகையை விடுங்கள், லேபிளைப் பாருங்கள்

"மெசின் பழுது, கதவு திறக்குதில்லை, உள்ளுக்குத் தண்ணி நிக்குது." புதிதாக ஜேர்மனிக்கு வந்த எங்கள் ஆட்களிடமிருந்து வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் மெசினுக்கு ஒன்றும் இல்லை. தொடுபலகையில் Spülstopp என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கடைசி அலசல் முடிந்ததும் தண்ணீரை வெளியேற்றாமல், பிழியாமல் அப்படியே நில் என்பதுதான் அந்தக் கட்டளை. நுண்ணிய துணிகள் கசங்காமல் இருக்க வைத்த வசதி அது. மெசின் சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது. Schleudern என்பதைத் தெரிவுசெய்து Start அழுத்தினால் பிழிந்துவிட்டுக் கதவைத் திறக்கும். பிழிய வேண்டாமென்றால் Abpumpen, அது தண்ணீரை மட்டும் வெளியேற்றும். இந்த இரண்டு தொடுகைக்காக ஒரு திருத்துநரின் பயணக்கூலியைக் கட்டாதீர்கள். கதவை மட்டும் இழுத்துத் திறக்கப் பார்க்காதீர்கள். கொக்கி உடைந்தால் அதுதான் உண்மையான பழுது.

அந்த விளக்கு எப்படி எரிந்தது? மெசின் தொடங்கவில்லை என்று பலகையில் கண்டதையெல்லாம் தொட்டதால். தொடங்காததற்குக் காரணம் பெரும்பாலும் சாவி அல்லது பூட்டுப் படம் எரிவது, அதாவது குழந்தைப் பூட்டு. அந்தப் படத்தின்மேல் விரலை மூன்று நான்கு விநாடி வைத்திருந்தால் பல மெசின்களில் பூட்டு எடுபடும். ஈர விரலையும் சவர்க்கார விரலையும் தொடுபலகை சரியாக உணராது. கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். இன்னொன்று Fertig in. எத்தனை மணித்தியாலத்தில் முடிய வேண்டும் என்று கேட்பது அது. தெரியாமல் அதில் 9 என்று வைத்துவிட்டு, "ஒரு மணித்தியாலமா அசையவேயில்லை" என்று பதறுபவர்களும் உண்டு.

இப்போது முக்கியமான விடயம். பலகையை ஃபோன் கமராவால் பிடித்துச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பார்க்கும் வழக்கம் பரவிவிட்டது. பருத்தி நிரலின் பெயரான Koch/Bunt என்பதற்கு ஏதோ சமையலும் நிறமும் என்று வரும். அதை வைத்து என்ன முடிவெடுப்பீர்கள்? எல்லாச் சொல்லும் தெரிய வேண்டியதேயில்லை. முதலில் உடுப்பின் உள்தையலில் இருக்கும் லேபிளைத் திருப்புங்கள். அதில் மொழியே கிடையாது. தண்ணீர்த் தொட்டிபோன்ற படத்துக்குள் இருக்கும் எண் அந்தத் துணி தாங்கும் உச்ச வெப்பநிலை. எண் இல்லாமல் புள்ளிகள் இருந்தால் ஒன்று 30°, இரண்டு 40°, மூன்று 50°, நான்கு 60°. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். மெசினில் Handwäsche என்ற நிரல் இருந்தால் அதிலும் போடலாம். தொட்டியின்மேல் பெருக்கல் குறி என்றால் தண்ணீரே கூடாது.

எல்லாரும் கவனிக்காமல் விடுவது தொட்டிக்குக் கீழே இருக்கும் கோடு. நிரலைத் தீர்மானிப்பது அதுதான். கோடு இல்லையென்றால் பருத்திக்கான Baumwolle, டிரம்மை நிறைய நிரப்பலாம், மேலே ஒரு கை நுழைய இடம் விட்டால் போதும். ஒரு கோடு என்றால் கலப்புத் துணிக்கான Pflegeleicht, டிரம்மில் பாதிதான். இரண்டு கோடு என்றால் நுண்ணிய துணிக்கான Feinwäsche அல்லது Wolle, மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கம்பளிக்கு Wolle தவிர வேறு எதுவும் வேண்டாம். ஆக, எண் வெப்பநிலையைச் சொல்கிறது, கோடு நிரலைச் சொல்கிறது. பலகையில் நீங்கள் அடையாளம் காண வேண்டியது இந்த நான்கைந்து சொற்களைத்தான். ஒரு காகிதத்தில் எழுதி மெசின் மேல் ஒட்டிவிடுங்கள்.

தொடும் வரிசையும் முக்கியம். முதலில் நிரல், பிறகு வெப்பநிலை, பிறகு பிழியும் வேகம், கடைசியில்தான் மேலதிக வசதிகள். பலர் வெப்பநிலையை 30 என்று வைத்துவிட்டு நிரலை மாற்றுவார்கள். நிரலை மாற்றியவுடன் அந்த நிரலுக்கென்று முன்பே பதிந்திருக்கும் வெப்பநிலைக்கு மெசின் போய்விடும். "நான் 30தான் வைச்சனான்" என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்வதில்லை. வைத்தார்கள், மெசின் மாற்றிவிட்டது. Start தொடுமுன் எண்ணை இன்னொருமுறை பாருங்கள்.

அடுத்தது Eco 40-60. இதைப் பற்றிய மூடநம்பிக்கைதான் எங்களைப் பைத்தியமாக்குவது. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வந்த வீட்டு மெசின்களில் இந்த நிரல் கட்டாயம். தொட்டவுடன் திரையில் 3:30 போன்ற நேரம் தெரியும். "மூன்றரை மணித்தியாலம் ஓடினா கரண்ட் பில் என்னாகும்?" என்று பயந்து, உடனே 15 அல்லது 30 நிமிட நிரலுக்குத் தாவிவிடுகிறார்கள். டிரம்மைச் சுற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் கொஞ்சம்தான். பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. Eco தண்ணீரைக் குறைவாகச் சூடாக்கி, அந்தக் குறையை நேரத்தால் ஈடுகட்டுகிறது: ஊறவிட்டு, மெதுவாகச் சுற்றி, மறுபடி ஊறவிடுகிறது. 1959இல் ஜேர்மன் வேதியியலாளர் ஹெர்பெர்ட் சின்னர் வகுத்த கணக்கு இன்றும் இத்தொழிலின் பாலபாடம். வெப்பம், நேரம், தோய்தூள், உரசல் ஆகிய நான்கில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியாக வேண்டும். அவசர நிரலில் நேரம் இல்லை. அப்படியென்றால் ஊத்தை எப்படிப் போகும்? அந்த நிரல் ஒருமுறை உடுத்த இரண்டு மூன்று சேட்டுகளுக்கு. முழு டிரம்மை அதில் போட்டால் கறுப்புத் துணியில் தோய்தூள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும், கழுத்துப்பட்டையில் அழுக்கு அப்படியே இருக்கும், காய்ந்த பிறகும் வியர்வை மணக்கும். பிறகு இரண்டாம் முறை தோய்ப்பீர்கள். மிச்சம் எங்கே?

அதே Eco பற்றி எதிர்த்திசைத் தவறும் உண்டு. 40-60 என்று எழுதியிருப்பதால் 60 பாகையில் தோய்க்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. 40 என்றும் 60 என்றும் லேபிள் உள்ள சாதாரண அழுக்குப் பருத்தித் துணிகளை ஒன்றாகப் போடலாம் என்பதுதான் பொருள். உள்ளே தண்ணீர் 60ஐத் தொடாது. அன்றாட உடுப்புக்கு அது போதும். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றோட்டம் என்றால் துவாய்க்கும் படுக்கை விரிப்புக்கும் Eco வேண்டாம். Baumwolle 60° வைத்து, Vollwaschmittel என்று எழுதிய தூளைப் போடுங்கள். திரவத்தில் வெளுக்கும் பொருள் இல்லை, தூளில் உண்டு. நிறத் துணிக்கு Colorwaschmittel. எந்நேரமும் 30 பாகையும் திரவமும் என்று ஓட்டுகிற மெசின்தான் கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்து நாறும். மாதம் ஒருமுறையாவது 60 பாகையில் தூள் போட்டு ஓடவிடுங்கள், துவாய்களுக்கு அதுவே நல்லது.

ஒரு சனிக்கிழமைக் கூடையை எடுத்துக்கொள்வோம். நான்கு துவாய், ஒரு வெள்ளைப் பருத்தி விரிப்பு, உள்ளாடைகள், பருத்தி பொலியெஸ்டர் கலந்த ஐந்து சேட், இரண்டு ஜீன்ஸ், ஒரு கம்பளி ஸ்வெட்டர், திருமண வீட்டில் கட்டிய பட்டுச்சேலை. எல்லாவற்றையும் ஒரே தரம் Baumwolle 40, 1400 சுற்று என்று அடித்துவிடுவதுதான் வழமை. துவாயும் விரிப்பும் ஜீன்ஸும் எப்படியோ தப்பும். சேட்டில் பிழிந்த கசங்கல் இஸ்திரிக்கும் மசியாது. ஸ்வெட்டர் தடித்து, சுருங்கி, பிள்ளைக்கும் சின்னதாகிவிடும். தடித்துச் சுருங்கிய கம்பளியைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் இல்லை, தயவுசெய்து அதற்கு எங்களை அழைக்காதீர்கள்.

சரியாகச் செய்வதென்றால், லேபிளில் 60 என்று இருந்தால் துவாய், விரிப்பு, உள்ளாடைகள் Baumwolle 60°, 1400 சுற்று. சேட்டுகளில் 40க்குக் கீழே ஒரு கோடு இருக்கும். அவை Pflegeleicht, சாதாரண அழுக்குக்கு 30° போதும், பிழிவது 800 அல்லது 1000. லேபிளில் இருப்பது உச்சவரம்புதான், அதைத் தொட்டே ஆகவேண்டும் என்றில்லை. ஜீன்ஸை உட்புறம் வெளியாக்கி, சிப்பைப் பூட்டி, அடுத்த வாரக் கறுப்புத் துணிகளோடு Baumwolle 30°. இரண்டு ஜீன்ஸுக்காக ஒரு மெசின் வேண்டாம். ஸ்வெட்டர் Wolle நிரலில், கம்பளிக்கான தனித் திரவத்துடன், பிழியும் வேகத்தை மெசின் தருவதுபோலவே விட்டுவிடுங்கள். எடுத்தவுடன் தொங்கவிடாமல் துவாயின்மேல் படுக்கவையுங்கள். பட்டுச்சேலையில் பெரும்பாலும் லேபிளே இருக்காது. பட்டுக்கென்று Seide என்ற நிரல் பலகையில் இருக்கிறதே என்று சரிகைச் சேலையை உள்ளே தள்ளிவிடாதீர்கள். அதை Reinigung என்று பெயர்ப்பலகை மாட்டிய உலர்சலவைக் கடையில் கொடுங்கள்.

தூளின் அளவு பொதியில் அட்டவணையாக இருக்கும். உங்கள் ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மை தெரிய வேண்டும். தண்ணீர் வழங்கும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் °dH என்ற அலகில் போட்டிருப்பார்கள். 8.4க்குக் கீழ் weich, அதாவது மென்மை; 14 வரை mittel, நடுத்தரம்; அதற்கு மேல் hart, கடினம். தூளை II என்று குறித்த அறையில் போடுங்கள். I என்பது Vorwäsche என்ற முன்தோய்ப்புக்கு. அந்த வசதியைத் தெரிவுசெய்யாமல் அங்கே போட்ட தூள் அங்கேயே கட்டியாகக் கிடக்கும். பூப்படம் உள்ள அறை மென்மையாக்கிக்கு.

இரவு எட்டு மணிக்கு Eco தொடங்கினால் பிழியும் சத்தம் பதினொன்றரைக்குக் கேட்கும். பல வீடுகளில் இரவு 22 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று வீட்டு ஒழுங்கில் எழுதியிருக்கும். அதற்குத்தான் Fertig in. இரவு பதினொன்றுக்குப் படுக்கப்போகும்போது 9 என்று வைத்தால், மூன்றரை மணித்தியால நிரல் காலை நாலரைக்குத் தொடங்கும், பிழிதல் கடைசியில் ஏழு மணிக்கு மேல். ஆனால் சில மெசின்களில் அது Startvorwahl, எத்தனை மணித்தியாலம் கழித்துத் தொடங்க வேண்டும் என்பது. அங்கே 9 வைத்தால் காலை எட்டுக்குத்தான் தொடங்கும், வேலைக்குப் போகுமுன் உடுப்பு கிடைக்காது.