பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொரிய மொழியில் ஒரு பிறந்தநாள் செய்தி

தென்கொரியத் தலைநகர் சோலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். 302ஆம் எண் வீட்டில் இருக்கும் ஓர் இளைஞர், எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்குக் கைப்பேசியில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தட்டச்சு செய்வது இவ்வளவுதான்:

```
할머니, 생신 축하드려요.
늘 챙겨 주셔서 감사합니다.
지난번에 주신 김치 정말 잘 먹었습니다.
올해도 건강하게 지내세요.
302호 올림
```

ஒலிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஹல்மொனி, செங்ஷின் சுக்கா துரியொயோ. நுல் செங்கியொ ஜுஷொசொ கம்சாஹம்னிதா. ஜினான்பொனே ஜுஷின் கிம்ச்சி ஜொங்மால் ஜால் மொகொச்சும்னிதா. ஒல்ஹேதோ கொன்காங்ஹாகே ஜினேசெயோ. 302-ஹோ ஒல்லிம்.

பொருள்: "பாட்டி, பிறந்தநாள் வாழ்த்துகள். எப்போதும் என்னைக் கவனித்துக்கொள்வதற்கு நன்றி. போன தடவை நீங்கள் கொடுத்த கிம்ச்சியை நன்றாகச் சாப்பிட்டேன். இந்த ஆண்டும் நலமாக இருங்கள். 302ஆம் வீட்டிலிருந்து."

இந்தச் செய்தியின் கொரிய வடிவில் 'நீங்கள்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பெரியவர்களிடம் சொல்லத்தக்க முன்னிலைப் பெயர் கொரியத்தில் இல்லை என்றே சொல்லலாம். அகராதியில் 'தாங்ஷின்' என்று ஒன்று இருக்கிறது. கணவன் மனைவிக்குள் அது சரி, ஆனால் பாட்டியிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பது போல ஆகிவிடும். அதனால் 'ஹல்மொனி', அதாவது பாட்டி, என்று உறவுமுறை சொல்லி அழைத்துவிட்டு, மரியாதையின் சுமையை வினைச்சொல்லின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். வினையிலோ நான், நீ, அவர் என்று காட்டும் விகுதி கிடையாது. அந்த இடத்தில் வருபவை மரியாதை விகுதிகள்.

அவை இரண்டு வகை. புதிதாகக் கற்பவர்கள் குழம்புவது பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான். 'ஷி' என்ற விகுதி, வாக்கியத்தின் எழுவாயாக இருப்பவரை உயர்த்துகிறது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கான மரியாதை அது. கடைசியில் வரும் 'யோ' அல்லது 'சும்னிதா', கேட்பவரை உயர்த்துகிறது. யாரிடம் பேசுகிறோமோ அவருக்கான மரியாதை.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பேச்சுத் தமிழில் "அவரு வந்தாருங்க" என்கிறோம். அதில் 'ஆரு' வந்தவருக்கு, 'ங்க' கேட்பவருக்கு. "அவன் வந்தானுங்க" என்று கொங்குப் பக்கம் ஒருவர் சொன்னால், வந்தவனுக்கு மரியாதை இல்லை, கேட்பவருக்கு இருக்கிறது. கொரியத்திலும் அதே பிரிவுதான். பாட்டி வந்த செய்தியைத் தம்பியிடம் சொன்னால் "ஹல்மொனி ஓஷொச்சொ": ஷி உண்டு, யோ இல்லை. அதையே ஒரு பெரியவரிடம் சொன்னால் "ஓஷொச்சொயோ": இரண்டும் உண்டு. தம்பி வந்ததைப் பாட்டியிடம் சொன்னால் "வச்சொயோ": யோ மட்டும். தம்பி வந்ததை நண்பனிடம் சொன்னால் வெறும் "வச்சொ".

பிறந்தநாள் செய்தியில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கேட்பவர் எப்போதும் பாட்டிதான், ஆனால் எழுவாய் வரிக்கு வரி மாறுகிறது. அதனால் 'யோ' அல்லது 'சும்னிதா' எல்லா வரியிலும் வரும். 'ஷி' பாட்டி செய்யும் செயல்களில் மட்டும் வரும்.

இப்போது முதல் வரி. பிறந்தநாளுக்குப் பொதுச்சொல் 'செங்-இல்'. பெரியவர்களுடையது என்றால் 'செங்ஷின்'. வயதுக்கு 'நாயி', பெரியவர் வயதுக்கு 'யொன்சே' என்பது போல, சில பெயர்ச்சொற்களுக்கு இப்படி மரியாதை இணை உண்டு. வினை விகுதியெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு 'செங்-இல்' என்று எழுதினால் பாட்டிக்குச் செய்தி புரியும், ஆனால் ஒரு படி இறங்கியது போல இருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'செங்ஷின்' எந்த வயதில் தொடங்குகிறது என்று அகராதி சொல்வதில்லை. நாற்பத்தைந்து வயதுப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதை அனுப்பினால், தன்னைக் கிழவராக்கிவிட்டதாக அவர் நினைக்கக்கூடும். அவருக்கு 'செங்-இல்' என்று எழுதி, வினையில் மரியாதை காட்டுவதே பாதுகாப்பு.

அடுத்தது 'சுக்கா துரியொயோ'. வாழ்த்துவது பாட்டி அல்ல, எழுதுகிறவர். எழுவாய் 'நான்' என்பதால் இங்கே ஷி வரக்கூடாது. அதற்குப் பதிலாக 'துரிதா' என்ற வினை வந்திருக்கிறது. 'ஜுதா' என்றால் கொடுப்பது. 'துரிதா' என்றால் தாழ்மையோடு பெரியவருக்குக் கொடுப்பது. செயலைப் பெறுபவரை உயர்த்தும் மூன்றாவது வழி இது. 15ஆம் நூற்றாண்டுக் கொரியத்தில் இந்த வேலைக்குத் தனி விகுதியே இருந்தது. பிறகு அது தன் வேலையை மாற்றிக்கொண்டு, கேட்பவருக்கு மரியாதை காட்டும் 'சும்னிதா'வின் முன்பகுதியாகக் கரைந்துவிட்டது. இன்று பெறுபவரை உயர்த்த 'துரிதா' (கொடுப்பது), 'பேப்தா' (சந்திப்பது), 'மோஷிதா' (உடனிருந்து பார்த்துக்கொள்வது) போன்ற சில தனிச்சொற்களே மிஞ்சியிருக்கின்றன.

வாழ்த்து என்பது கையில் எடுத்துக் கொடுக்கும் பொருள் இல்லையே, அதற்கு எப்படி 'துரிதா' சேரும் என்று இலக்கணக்காரர்கள் இதைத் தேவையற்ற மரியாதை என்று ஒதுக்கியதுண்டு. மக்கள் விடாமல் எழுதினார்கள். கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மொழிப் பண்பாட்டு வழிகாட்டியில் 'சுக்கா ஹம்னிதா', 'சுக்கா துரிம்னிதா' இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஆக, இன்று யாரும் இதைப் பிழை என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் வரியில் ஷி முதல்முறையாகத் தலைகாட்டுகிறது. 'செங்கியொ ஜுஷொசொ' என்பதில் கவனித்துக்கொள்பவர் பாட்டி. 'செங்கிதா' என்பது கவனித்துக்கொள்வது, 'ஜுதா' இங்கே நமக்காகச் செய்வதைக் காட்டும் துணைவினை. இரண்டு வினைகள் சேர்ந்து வந்தாலும் ஷி கடைசி வினையில் மட்டும் ஏறி 'ஜுஷி' ஆகிறது, அதோடு காரணம் காட்டும் விகுதி சேர்ந்து 'ஜுஷொசொ'. மரியாதை கூடட்டும் என்று இரண்டு வினையிலும் ஷி போட்டால் வாக்கியம் திணறும். அதே வரியின் முடிவில் நன்றி சொல்பவர் மறுபடி 'நான்', அதனால் 'கம்சாஹம்னிதா'வில் ஷி இல்லை. ஒரே வரிக்குள் எழுவாய் மாறுகிறது, ஷியும் அதற்கேற்ப வந்து போகிறது. எனக்கு இந்தச் செய்தியிலேயே மிகவும் பிடித்த வரி இதுதான்.

மூன்றாம் வரியிலும் அதே ஆட்டம். கிம்ச்சி கொடுத்தவர் பாட்டி, ஆகவே 'ஜுஷின்'. சாப்பிட்டவர் நான், ஆகவே 'மொகொச்சும்னிதா'. சாப்பிடுவதற்கு மரியாதைச் சொல்லாக 'துஷிதா' இருக்கிறது. கொஞ்சம் படித்தவர்கள் ஆர்வத்தில் அதை இங்கே போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் "நான் கிம்ச்சியை உண்டருளினேன்" என்று தன்னையே உயர்த்திக்கொண்டதாக ஆகும். கிம்ச்சி சுவையாக இருந்தது என்று எழுத நினைத்தாலும் இதே கவனம் வேண்டும். 'மஷிச்சொச்சொயோ' சரி. 'மஷிச்சுஷொச்சொயோ' என்று ஷி சேர்த்தால் கிம்ச்சிக்கு மரியாதை போய்ச் சேரும். கொரியாவில் காப்பிக் கடை ஊழியர்கள் "கொப்பி நாஓஷொச்சும்னிதா", அதாவது காப்பி எழுந்தருளிவிட்டது என்கிற தொனியில், வாடிக்கையாளரை மகிழ்விக்கச் சொல்வதுண்டு. தேசிய மொழி நிறுவனம் அதைத் தவறு என்கிறது.

அப்படியானால் பொருள்களுக்கு ஷி வரவே வராதா? வரும். பெரியவரின் உடல், உடைமை, அவரைச் சேர்ந்த நாள் ஆகியவை எழுவாயாக இருந்தால் அவற்றின் வழியாக அவரை உயர்த்தலாம். "ஒனுல் செங்ஷின் இஷினேயோ" (இன்று உங்கள் பிறந்தநாள் அல்லவா) என்பது பிழையில்லாத வாக்கியம், ஏனென்றால் அந்தப் பிறந்தநாள் பாட்டியுடையது. கடைக்காரர் தரும் காப்பி வாடிக்கையாளரின் ஒரு பகுதி இல்லை. பாட்டி கொடுத்துவிட்ட கிம்ச்சியும் இப்போது என் தட்டில் இருக்கும் கிம்ச்சிதான்.

நான்காம் வரியில் ஒரு நுணுக்கம். "கொன்காங்ஹாசெயோ" என்ற ஒற்றைச் சொல் வாழ்த்து கொரியாவில் எங்கும் கேட்கும். ஆனால் 'கொன்காங்ஹாதா' ஒரு குணத்தைச் சொல்லும் சொல். "ஆரோக்கியமான நிலையில் இருப்பது" என்பது அதன் பொருள். கொரிய இலக்கணத்தில் குணச்சொற்களுக்கு ஏவல் வடிவம் இல்லை. அதனால் எழுத்தில் 'ஜினேதா' (நாளைக் கழிப்பது) என்ற வினையைத் துணைக்கு வைத்து, "நலமாக நாளைக் கழியுங்கள்" என்று எழுதுவதை மொழி நிறுவனம் பரிந்துரைக்கிறது. பேச்சில் ஒற்றைச் சொல்லைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. எழுதும்போது நீளமான வடிவம் நல்லது. கடைசியில் இருக்கும் 'செயோ'தான் கொரியத் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பவர்களுக்கெல்லாம் 'அன்யோங்ஹாசெயோ' மூலம் பழகிப்போன ஒலி. அது ஷியும் யோவும் ஒட்டிப் பிறந்த வடிவம். நலமாக இருக்கப்போவதும் பாட்டி, செய்தியைப் படிப்பதும் பாட்டி. இரண்டு மரியாதையும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும் வரி இது.

"ஒரேஒரே சாசெயோ", நீண்ட நாள் வாழுங்கள் என்று எழுதலாமா? இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் அந்த 2011 வழிகாட்டி புத்தாண்டு வாழ்த்துகளைப் பற்றிப் பேசும்போது, பெரியவர்களிடம் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. நான் அவ்வளவு முதுமையடைந்துவிட்டேனா என்ற வருத்தத்தை அது கிளப்பிவிடலாம் என்பது காரணம். பிறந்தநாளில் அந்த வருத்தம் இன்னும் எளிதாக எழும், ஆகவே நானும் அதை விட்டுவிடச் சொல்வேன்.

ஒன்றைச் சிலர் கவனித்திருக்கலாம். முதல் வரியும் நான்காம் வரியும் 'யோ'வில் முடிகின்றன, நடுவில் இரண்டு வரி 'னிதா'வில் முடிகின்றன. இரண்டும் கேட்பவரை உயர்த்துபவைதான். 'யோ' நெருக்கமானது, 'னிதா' விறைப்பானது. கொரியர்கள் இப்படிக் கலந்தே எழுதுகிறார்கள். நன்றி சொல்லும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து 'னிதா' போட்டு, அன்பைச் சொல்லும் இடத்தில் 'யோ'வுக்கு இறங்குவார்கள். நான்கு வரியும் 'னிதா' என்றால் அலுவலகச் சுற்றறிக்கை போலத் தோன்றும். ஆனால் யோவை விட்டுவிட்டு வெறும் 'சுக்கா ஹே' என்று மட்டும் எழுதிவிடக்கூடாது, அது நண்பனுக்கான வடிவம்.

கடைசியில் 'ஒல்லிம்'. மேலே ஏற்றுதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல், "பணிவுடன் அனுப்புகிறேன்" என்ற பொருளில் கையொப்பத்துக்குப் பின்னால் வரும். 'துரிம்' என்று போடுவதும் உண்டு. அது சம வயதினருக்கும் பொருந்தும், 'ஒல்லிம்' பெரியவர்களுக்கே உரியது. கையொப்பத்தில் தன் பெயரைப் போட்டால் அதோடு 'நிம்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்கக்கூடாது. இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. எதிர்வீட்டுப் பாட்டிக்கு அவரைத் தெரிந்திருப்பது வீட்டு எண்ணால்தான், அதனால் 302-ஹோ என்று போட்டால் போதும்.