மூட்டத்திலேயே புகைந்து முடிந்த விறகு

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி பக்கம் போனால் சீமைக்கருவேலங்காட்டு ஓரங்களில் மண்மேடுகள் புகைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். அவை கரிமூட்டங்கள். விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே தழை பரப்பி, மண்ணால் மூடி, அடியில் சில துளைகளை மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள்.

விறகு அடுப்பில் புகைகிறது, அதிலிருந்து வரும் கரி மட்டும் ஏன் புகைவதில்லை? மூட்டத்துக்குள் நடப்பது புரிய, முதலில் விறகடுப்பை உற்றுப் பாருங்கள். தீ நாக்கு கட்டையை ஒட்டாமல் சற்றுத் தள்ளியே ஆடும். எரிவது கட்டை அல்ல, சூட்டில் கட்டை உடைந்து கக்கும் வாயு. அந்த வாயுவில் எரியாமல் தப்பும் பகுதி, வெளியே ஆறும்போது நுண்ணிய தார்த்துளிகளாகவும் கரித்துகளாகவும் மாறுகிறது. நம் கண்ணைக் கரிக்கும் புகை அதுதான்.

மூட்டத்துக்குள் கொஞ்சம் காற்றுதான் போகும். அதில் விறகின் ஒரு பங்கு எரிந்து மற்றதைச் சூடாக்குகிறது. முதலில் ஈரம் போகும். அப்போது அடர்ந்த வெள்ளைப் புகை. சூடு 280 டிகிரியை நெருங்கும்போது மரம் தானாகவே உடையத் தொடங்கி, வெப்பத்தையும் வெளிவிடும். அப்போது புகை மஞ்சளித்து, காட்டமாக நாறும். 400, 500 டிகிரிக்குள் வாயுவாகக்கூடியதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். புகை மெலிந்து நீலமானால் கரி வெந்துவிட்டது என்று பொருள். உடனே துளைகளையெல்லாம் அடைத்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றுப்பட்டுக் கரி தீப்பிடித்துவிடும்.

நான்கைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரிதான் தேறும். அதையும் கெடுப்பது மேல்மண்ணில் விழும் வெடிப்பு. மூட்டம் உள்ளே சுருங்கி அமுங்கும்போது மேல்மண் விரிசல் விடும். அதை உடனே மண் போட்டு அடைக்காவிட்டால் அந்த இடத்தில் காற்று புகுந்து கரியையே எரித்துவிடும். பிரிக்கும்போது அங்கே சாம்பல்தான் கிடைக்கும். அதனால்தான் ராத்திரியிலும் யாராவது காவல் இருக்கிறார்கள்.

ஆக, அடுப்பில் வரவேண்டிய புகையை விறகு காட்டிலேயே விட்டுவிட்டு வருகிறது. கரியில் வாயு குறைவு என்பதால் பெரிய தீ நாக்கும் இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியின் மேற்பரப்பைத் தொட்டு அங்கேயே வினைபுரிய, கங்கு செந்தணலாகக் கனல்கிறது. சில சமயம் மேலே மெல்லிய நீலச்சுடர் தெரியும். அது கார்பன் மோனாக்சைடு எரிவது. எரியாமல் தப்பினால் இந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மூடிய அறையில் கரியடுப்பை வைத்துத் தூங்குபவர்களைக் கொல்வது இதுதான்.

மூட்டத்தின் ஓரத்தில் சூடு போதாத கட்டைகள் உள்ளே பழுப்பாகவே நின்றுவிடும். நன்றாக வெந்த கரியைத் தட்டினால் கணீரென்று உலோகம்போல ஒலிக்கும். உடைத்தால் உள்ளேயும் கறுத்து மினுங்கும். வேகாததோ மந்தமாக ஒலிக்கும், கனமாகவும் இருக்கும். இஸ்திரிப்பெட்டியில் அப்படி ஒரு துண்டு விழுந்தாலும் போதும், மூட்டத்தில் விடாத புகையை அங்கே விட்டுவிடும்.