உள்ளங்கைக்கு அடியில் நான்கு விடைகள்

திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுபவரின் மகள் ஒருத்தி நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். ஞாயிறு காலையில் மாதிரி வினாத்தாளோடு வருவாள். போன மாதம் அவள் தவறவிட்ட ஒரு கேள்வி, உயிரியலில் அவள் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பாடத்திலிருந்து வந்தது.

படத்தில் 'எஸ்' எழுத்தைச் சாய்த்து வைத்ததுபோல் இரண்டு வளைவுகள். கீழ் அச்சில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், 0 முதல் 100 மி.மீ. பாதரசம் வரை. பக்க அச்சில் ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்ற கணக்கு. 'அ' வளைவு இடப்பக்கம், 'ஆ' வளைவு வலப்பக்கம். 'அ' என்பது 'ஆ' ஆக மாறுவதோடு பொருந்துவது எது என்று கேள்வி. விடைகள்: கார்பன் டை ஆக்சைடு குறைதல், ஹைட்ரஜன் அயனிச் செறிவு குறைதல், வெப்பநிலை உயர்தல், ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் ஈர்ப்பு அதிகரித்தல்.

அவள் நான்காவதைக் குறித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "வளைவு வலது பக்கம் நகர்ந்திருக்கிறது சார், அப்படியென்றால் அதிகரித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்றாள். படத்தை அவள் பார்த்திருக்கிறாள், ஆனால் நான்காவது விடையைப் படித்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். 'அதிகரித்தல்' என்ற சொல் ஏற்கெனவே மனத்தில் உட்கார்ந்திருந்தது. கண் அதற்குச் சாட்சி தேடிப் போயிருக்கிறது, வலது என்றால் கூடுதல் என்ற பழக்கமும் உடனே கைகொடுத்திருக்கிறது.

இப்படி நடப்பதற்கு உளவியலில் பழைய சான்று உண்டு. டிவெர்ஸ்கி, கானமன் என்ற இருவர் 1974இல் எழுதிய கட்டுரையில் பள்ளி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனை வருகிறது. ஒரு குழுவுக்கு 8×7×6×5×4×3×2×1, இன்னொரு குழுவுக்கு 1×2×3×4×5×6×7×8. ஐந்து விநாடிக்குள் விடையை மதிப்பிட வேண்டும். எட்டில் தொடங்கியவர்களின் இடைநிலை மதிப்பீடு 2,250. ஒன்றில் தொடங்கியவர்களுக்கு 512. சரியான விடை 40,320. பெருக்கல் ஒன்றேதான், முதலில் கண்ணில் பட்ட எண் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. தேர்வில் அந்த முதல் எண்ணின் வேலையை விடைப் பட்டியல் செய்கிறது. அதிலும், கேள்வி தயாரிப்பவர் மூன்று தவறான விடைகளையும் கண்டபடி எழுதுவதில்லை. மாணவர் எங்கே வழுக்குவார் என்று யோசித்துத்தான் எழுதுகிறார்.

நம் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மறைமுக ஏலம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வியாபாரி மஞ்சளைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்து, விரலியா கிழங்கா என்று கவனித்துத் தன் விலையைத் தானே எழுதிக் கொடுக்கிறார். பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதினார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் எழுதும் விலை அதை ஒட்டியே நின்றிருக்கும்.

ஆகவே நான் சொன்ன வழி சாதாரணமானது: இடது உள்ளங்கையால் நான்கு விடைகளையும் மூடிவிட வேண்டும். முதலில் அச்சுகள் இரண்டும் என்ன, அலகு என்ன, எந்த வளைவுக்கு என்ன பெயர் என்று பார்க்க வேண்டும். பிறகு கேள்வி வரியைப் படித்து, படம் சொல்வதை ஒரே ஒரு வாக்கியமாகத் தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியம் வாயில் வந்த பிறகே கையை எடுக்க வேண்டும்.

"சரி கண்ணு, இப்போது கையை வைத்துக்கொண்டு திரும்பச் சொல்" என்றேன். அச்சுகளைச் சொன்னாள். பிறகு திகைத்தாள். இங்கேதான் பலரும் நிற்கிறார்கள்: வளைவை ஒரு முழு உருவமாகப் பார்த்தால் 'வலது, இடது' என்பதைத் தவிர எதுவும் சொல்லத் தோன்றாது. கீழ் அச்சில் ஓர் இடத்தைப் பிடித்து நேர் மேலே கோடு போட வேண்டும். 40இல் போடச் சொன்னேன். ஓய்வில் இருக்கும் உடலின் திசுக்களில் ஏறத்தாழ அந்த அழுத்தம்தான். கோடு முதலில் 'ஆ' வளைவை 60 சதவீதத்தில் தொட்டது, அதற்கு மேலே 'அ' வளைவை 75இல் தொட்டது. நுரையீரல் பக்கமான 100இல் இன்னொரு கோடு: 'அ' 97, 'ஆ' 95, வித்தியாசம் பெரிதாக இல்லை.

இப்போது வாக்கியம் தானாக வந்தது: "நுரையீரலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஏற்றுகின்றன, திசுவில் 'அ' 22 பங்கை இறக்குகிறது, 'ஆ' 35 பங்கை இறக்குகிறது." ஈர்ப்பு குறைந்தால்தான் அதிகம் இறக்க முடியும். அதிகம் இறக்க வேண்டிய இடம் எது? ஓடிக் களைத்த தசை. அங்கே சூடு அதிகம், கார்பன் டை ஆக்சைடு அதிகம், அமிலத்தன்மையும் அதிகம். கையை எடுத்ததும் நான்காவது விடை தலைகீழாக இருப்பது அவளுக்கே தெரிந்தது. முதல் இரண்டும் எதிர்த்திசை. மிஞ்சியது வெப்பநிலை. (கார்பன் டை ஆக்சைடு இந்த வளைவை நகர்த்துகிறது என்று 1904இல் காட்டியவர் கிறிஸ்டியன் போர். இயற்பியல் பாடத்தில் வரும் நீல்ஸ் போரின் தந்தை அவர். இதைக் கேட்கும் மாணவர்கள் அதன் பிறகு போர் விளைவை மறப்பதில்லை.)

அட்டவணைக் கேள்வியில் கோட்டின் வேலையைத் தலைப்பு வரி செய்கிறது. நாமக்கல் பக்கத்துக் கணக்காகவே ஒன்று எழுதிக் கொடுத்தேன்: முதல் ஷெட்டில் 5,000 கோழி, ஒரு நாளில் 4,500 முட்டை, இரண்டாவதில் 8,000 கோழி, 6,800 முட்டை, மூன்றாவதில் 6,000 கோழி, 5,520 முட்டை. எந்த ஷெட்டின் கோழிகள் நன்றாக இடுகின்றன? விடையை முதலில் பார்ப்பவர் 6,800 என்ற பெரிய எண்ணிடம் போய்விடுவார். தலைப்பை முதலில் படிப்பவர் இரண்டு பத்தியும் வெறும் எண்ணிக்கைதான், விகிதம் எங்கும் இல்லை என்று கவனிப்பார். வகுக்க வேண்டியிருக்கும் என்று அப்போதே தெரியும். 90, 85, 92. மூன்றாவது.

"நேரம் போகாதா?" என்று கேட்டாள். 2025 தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, தவறுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பு. நியாயமான கேள்விதான். ஆனால் நேரத்தைத் தின்பது படத்துக்கும் விடைகளுக்கும் இடையே கண் மூன்று நான்கு முறை போய் வருவது. ஒரு விடையை இரண்டாம் முறை படிக்கிறோம் என்றால் படத்தை இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாக் கேள்விக்கும் இது பொருந்தாது. 'கீழ்க்கண்டவற்றுள் தவறான கூற்று எது' என்றால் கையை எடுத்து ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட வேண்டியதுதான். நான்கு விடைகளுமே வரைபடங்களாக இருந்தால், பார்ப்பதற்கு முன் ஓரத்தில் நம் வளைவை நாமே கிறுக்கிக்கொள்ளலாம்.

நாம் சொல்லிவைத்த விடை பட்டியலில் இல்லாமல் போவதும் உண்டு. அப்போது பக்கத்தில் இருப்பதைக் குறிக்கும் ஆசை வரும். அடுத்த ஞாயிறு அதே வளைவில் வேறொரு கேள்வி: ஹீமோகுளோபின் பாதி நிறையும் அழுத்தம் எது? "ஏறத்தாழ 27" என்று நினைவிலிருந்தே சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். விடைகள் 2.5, 3.5, 5, 7. வினாத்தாளில் தவறு என்று சொல்ல வாயெடுத்தவள், கீழ் அச்சைத் திரும்பப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் படத்தில் அழுத்தம் கிலோ பாஸ்கலில் இருந்தது.