ஓடாத பேருந்தில் ஓடும் காட்சி

‘உள்ளே – ஓடும் பேருந்து – இரவு’ என்று காட்சித் தலைப்பு எழுதுவது சுலபம். அதை அப்படியே ஓடும் பேருந்தில் எடுக்கப் போனால், உள்ளே இருப்பவர்களில் கம்பியைப் பிடிக்க முடியாதவர் கேமராமேன்தான். இரண்டு கையும் கேமராவில் இருக்கும். ஃபோகஸ் பார்க்கும் உதவியாளரின் கண் மானிட்டரில் இருக்கும். மைக் பிடிப்பவர் தலைக்கு மேலே கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார். குறுக்கே ஒரு ஆட்டோ வந்து டிரைவர் பிரேக் போட்டால் மூவரும் முன்னால் விழுவார்கள், கேமராவும் அவர்களோடு வரும். குறும்பட யூனிட்டுகளில் காயம் படுவது பெரும்பாலும் இப்படித்தான். சண்டைக் காட்சி எதுவும் தேவைப்படுவதில்லை.

இதற்கான தீர்வு எழுதும் மேசையிலேயே தொடங்குகிறது. ஓடும் வண்டிக் காட்சியில் உண்மையாகவே ஓட வேண்டியது எது, நின்ற வண்டியில் எடுக்கக்கூடியது எது என்பதைத் திரைக்கதையிலேயே பிரித்துவிட வேண்டும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரவு, தாம்பரம் நோக்கிப் போகும் சாதாரண மாநகரப் பேருந்து. அக்கா உட்கார்ந்திருக்கிறாள், தம்பி நிற்கிறான். அம்மாவின் சங்கிலியை விற்றுவிட்டதை அவள் அவனிடம் சொல்ல வேண்டும். திரையில் இரண்டு நிமிடம்.

முதலில் இடம். சென்னைப் பேருந்தில் பெண்கள் வழக்கமாக இடப்பக்க இருக்கைகளில் உட்காருவார்கள். அதனால் அக்கா இடப்பக்க ஜன்னலோரம், தம்பி பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி. இருவரையும் அருகருகே உட்கார வைப்பதைவிட இது காட்சிக்கு நல்லது. அவள் நிமிர்ந்து பார்த்தால்தான் அவன் முகம் தெரியும், பார்க்க விரும்பாவிட்டால் ஜன்னல் இருக்கிறது. டிக்கெட்டும் சரியாக இருக்கட்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் அவளுக்குக் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார், காசு எடுக்க வேண்டியவன் தம்பி. அவன் சட்டைப் பையைத் துழாவும் நேரமே அவள் பேச்சைத் தொடங்கத் தயங்கும் நேரம்.

அடுத்தது வேகம். இதைத்தான் பலரும் எழுதுவதில்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். இரண்டு நிமிடத்தில் 1,200 மீட்டர். நகரப் பேருந்து அவ்வளவு தூரத்தை நிறுத்தமோ சிக்னலோ இல்லாமல் கடப்பது அபூர்வம். ஆகவே இரண்டு நிமிட வசனத்துக்குள் வண்டி ஒரு முறையாவது நிற்க வேண்டும், அந்த நிறுத்தம் எந்த வரியில் விழுகிறது என்பதை எழுத்தாளர்தான் தீர்மானிக்க வேண்டும். வண்டி ஓடும்போது என்ஜின் சத்தத்தில் குரலை உயர்த்தித்தான் பேச முடியும். நிறுத்தத்தில் சத்தம் சட்டென்று தணியும், அதே குரல் பேருந்து முழுக்கக் கேட்கும். நம் காட்சி இப்படி அமையும்:

வண்டி ஓடுகிறது. அக்கா (உரக்க): “சொன்னா கத்தக் கூடாது.”
தம்பி: “என்னக்கா? கேக்கல.”
வேகம் குறைகிறது. ஒரு விசில்.
அக்கா (அதே உரத்த குரலில்): “அம்மா செயினை வித்துட்டேன்டா.”
வண்டி நின்றுவிட்டது. முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்க்கிறாள்.
இரண்டு விசில். வண்டி கிளம்புகிறது. தம்பி பதில் சொல்லவில்லை.

‘ஓடுகிறது’, ‘குறைகிறது’, ‘நின்றது’, ‘கிளம்புகிறது’ என்ற நான்கு குறிப்புகளும் அலங்காரம் இல்லை. விளக்கு, காற்று, உடல் அசைவு, ஒலி நான்கையும் யூனிட் இவற்றை வைத்துத்தான் இயக்கும். இவை எழுதப்பட்டிருந்தால் மேலே சொன்ன அத்தனை ஷாட்டும் நின்ற பேருந்தில் எடுக்கக்கூடியவை.

தனியார் மைதானமோ ஷெட்டோ, உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு எடுங்கள். என்ஜின் அணைந்திருக்க வேண்டும், கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜெனரேட்டரை ஜன்னலிலிருந்து தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கம் வையுங்கள். புகை உள்ளே வந்தால் முதலில் தலைவலிதான் தெரியும், வெக்கையால் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது வெளிச்சம். தெருவிளக்குகள் 30 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், 36 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடிக்கு ஒரு முறை முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். வேகம் பாதியானால் ஆறு நொடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு வீச்சும் முன்பக்கமிருந்து தொடங்கிப் பின்பக்கம் போய் மறைய வேண்டும். ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு லைட்மேன் ஓடினால் நொடிக்கு 10 மீட்டர் வராது. ஜன்னலுக்கு வெளியே உயரத்தில் நான்கு எல்.இ.டி. பேனல்களை வரிசையாக நிறுத்தி, முன்னாலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குங்கள். ஸ்டாண்டுகளின் காலில் மணல் மூட்டை கட்டாயம். ஒருவர் வாய்விட்டு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ எண்ணி ஒத்திகை பார்த்தால் பத்து நிமிடத்தில் தாளம் பிடிபட்டுவிடும். டேக்கின்போது கையசைவில் எண்ணினால் போதும். வண்டி நிற்கும் வரியில் ஒரு வெளிச்சம் அக்காவின் முகத்திலேயே நின்றுவிடட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 24 பிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/50 நொடியில், அதாவது 172.8 டிகிரியில் வைத்தால் மின்விளக்குகள் படபடக்காது.

பக்கத்தை மறந்துவிடாதீர்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிரே வரும் வண்டிகளின் ஹெட்லைட் வலப்பக்க ஜன்னலில்தான் கடக்கும். அக்காவின் ஜன்னலில் கடை வெளிச்சமும் நடைபாதையும் மட்டுமே வர வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் நோக்கிப் போகும்போது விமான நிலையம் வலப்பக்கம், திரிசூலம் ரயில் நிலையம் இடப்பக்கம். அந்தப் பாதையில் தினமும் போகிறவருக்கு இது மாறினால் உடனே கண்ணில் உறுத்தும். ஜன்னலுக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளிக் கறுப்புத் துணி கட்டி, அதற்கு முன்னால் தள்ளுவண்டியில் சிறு பல்புகளை வைத்துப் பின்னோக்கித் தள்ளுங்கள். 85 எம்.எம். லென்ஸின் அபெர்ச்சரை அகலத் திறந்து வைத்தால் அவை மங்கலான வட்டங்களாகி ஊர் போலத் தெரியும்.

சாதாரணப் பேருந்தில் ஜன்னல் திறந்திருக்கும், கூந்தல் பறக்க வேண்டும். ஃபேன் போட்டால் அதன் இரைச்சல் வசனத்தில் ஏறிவிடும். குளோசப்புக்கு ஒரு தெர்மாகோல் அட்டையை முன்பக்கமிருந்து விசிறினாலே போதும். வண்டி நிற்கும் வரியில் விசிறுவதை நிறுத்த வேண்டும். முடி அடங்குவதுதான் வண்டி நின்றதைப் பார்வையாளருக்கு முதலில் சொல்லும்.

பேருந்தை வெளியிலிருந்து ஆட்ட முயல வேண்டாம். அந்த எடைக்கு அது அசையாது, ஜாக்கி வைத்து ஆட்டுவது ஆபத்து. கேமராவை மெல்ல அசைத்து, நடிகர்களைச் சேர்ந்து அசையச் சொன்னால் போதும். பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்ந்து, வண்டி நின்றதும் ஒரு குலுக்கலோடு பின்னால் வருவார்கள். ஒருவர் மட்டும் தாமதித்தாலும் பொய் தெரிந்துவிடும். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் கூடுதலாகத் தூக்கிப் போடப்படுவார்கள் என்பதால் துணை நடிகர்களை அதற்கேற்ப ஒத்திகை பார்க்க வைக்கலாம்.

நின்ற வண்டியில் நடிகர்கள் தம்மையறியாமல் மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். பின்னால் என்ஜின் ஒலியைச் சேர்க்கும்போது அந்தக் குரல் அதற்குள் அடங்காமல் டப்பிங் போலத் தனியாக நிற்கும். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் பதிவு செய்த என்ஜின் ஒலியை ஸ்பீக்கரில் உரக்கப் போட்டு, அதற்கு மேல் இரண்டு வரி பேசச் சொல்லிவிட்டு, ஒலியை நிறுத்தி உடனே ‘ஆக்‌ஷன்’ சொல்லுங்கள்.

உண்மையாக ஓட வேண்டியது, வெளியிலிருந்து பேருந்து கடந்து போகும் இரண்டு மூன்று ஷாட்டுகள் மட்டும். அதற்கு ஒப்பந்த ஊர்தி அனுமதி, எஃப்.சி., இன்சூரன்ஸ் நடப்பில் உள்ள தனியார் பேருந்தையும் அதன் வழக்கமான டிரைவரையும் அமர்த்துங்கள். சாலையில் கேமரா நிறுத்த வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எந்தச் சாலை, எத்தனை மணி, எத்தனை பேர், என்னென்ன வாகனம் என்று தெளிவாக எழுதுங்கள். தடம் எண் பலகையோடு ஒரு பேருந்து வந்தால் நிறுத்தத்தில் காத்திருப்பவர்கள் கை காட்டுவார்கள், சிலர் ஓடிவந்து ஏறப் பார்ப்பார்கள். அதனால் ஷாட் முடிந்த நொடியே பலகையை மூடிவிட வேண்டும், கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும்.

படிக்கட்டில் தொங்கும் காட்சியை ஓடும் வண்டியில் எடுக்க வழியே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு படியிலும் கூரையிலும் பயணிப்பதைத் தடை செய்கிறது, ஏற்ற அனுமதிக்கும் டிரைவரும் அதில் சிக்குவார். டிரைவருக்கு இடைஞ்சலாக ஆளோ பொருளோ இருக்கக் கூடாது என்கிறது 125-வது பிரிவு. டாஷ்போர்டில் கேமரா கட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள். தம்பி படியில் நின்றுதான் ஆக வேண்டும் என்றால், நின்ற பேருந்தில், கீழிருந்து மேலாக, தரை தெரியாத கோணத்தில் எடுக்கலாம்.

இதே காட்சியை மின்சார ரயிலுக்கு மாற்றினால் முறை மாறாது, அனுமதி மாறும். ரயிலிலோ நடைமேடையிலோ படம் எடுக்கத் தெற்கு ரயில்வேயின் தலைமை மக்கள் தொடர்பு அதிகாரியை அணுக வேண்டும். காட்சியின் எழுத்துப் பிரதி, ஆட்கள், கருவிகள், நாள், நேரம் எல்லாம் கேட்பார்கள். கட்டணமும் இன்சூரன்ஸும் உண்டு. ரயில் கூரை, படிக்கட்டுப் பயணத்துக்கு ரயில்வே சட்டம் 1989-ன் 156-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அனுமதியின்றித் தண்டவாளத்தில் இறங்குவது 147-வது பிரிவில் வரும். அந்தச் செயல்கள் கதைக்குத் தேவையா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

அனுமதி கையில் இருந்தாலும் நடைமேடையில் இரண்டு விஷயங்களை யூனிட்டில் ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். இரண்டு மீட்டருக்குள் எதுவும் போகக் கூடாது என்பதால் உலோக மைக் கம்பையும் லைட் ஸ்டாண்டையும் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது. இரண்டாவது, சிவப்பு. தண்டவாளத்தருகே ஆடும் சிவப்பு விளக்கும், வேகமாக வீசப்படும் சிவப்புத் துணியும் ரயில் ஓட்டுநருக்கு ‘நிறுத்து’ என்ற சமிக்ஞை. அக்காவுக்குச் சிவப்புத் துப்பட்டா கொடுத்து, நடைமேடை விளிம்பில் காற்றில் பறக்கவிட்டு ஒரு ஷாட் எழுதியிருந்தால், துப்பட்டாவின் நிறத்தை இப்போதே மாற்றிவிடுங்கள்.