செங்குத்து விசை: எடையும் அதுவும் ஒன்றா?

நார்மல் ஃபோர்ஸ் என்பதில் உள்ள 'நார்மல்' வழக்கமானது என்ற பொருளில் வரவில்லை. லத்தீனில் 'நார்மா' என்றால் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். அந்த வழியில், ஒரு பரப்புக்கு 90 பாகையில் நிற்பது என்ற பொருள் கணிதத்துக்கு வந்தது. ஒரு பரப்பு தன்மேல் இருக்கும் பொருளைத் தனக்கு நேர் குறுக்காகத் தள்ளும் விசைதான் இது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'செங்குத்து விசை', இலங்கைத் தமிழில் 'செவ்வன் மறுதாக்கம்'.

இரண்டு பெயரிலும் வழுக்கிவிட இடம் உண்டு. செங்குத்து என்றதும் நேர் மேலே என்று நினைத்துவிடுகிறோம். மருதமலை ஏற்றத்தில் நிற்கும் வண்டிக்கு அந்த விசை சாலைக்குத்தான் செங்குத்து. அதனால் சாய்ந்தே இருக்கும். மறுதாக்கம் என்றால் எடைக்கு எதிர்வினை என்று படும். அதுவும் இல்லை. எடை என்பது பூமி பொருளை இழுப்பது. அதன் எதிர்வினை, பொருள் பூமியை இழுப்பது. செங்குத்து விசை பரப்பிலிருந்து வரும் வேறொரு விசை. ஆகவே எடையும் செங்குத்து விசையும் சமமாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. முடுக்கம் இல்லாத சமதரையில், வேறு யாரும் அழுத்தாமலும் தூக்காமலும் இருந்தால் மட்டுமே அவை சமம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி லிஃப்ட். உள்ளே முள் தராசு, அதன்மேல் 50 கிலோ நூல் மூட்டை. லிஃப்ட் நிற்கும்போது எடை 50 × 9.8 = 490 நியூட்டன், தராசு மேலே தள்ளுவதும் 490. முள் 50 காட்டும். இப்போது லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்புகிறது. மூட்டையும் கூடவே வேகம் எடுக்கவேண்டும். அதற்கு மேல்நோக்கி 50 × 1 = 50 நியூட்டன் மிச்சம் வேண்டும். அதைத் தரக்கூடியது தராசுத் தட்டு மட்டும்தான். தட்டு தரும் செங்குத்து விசை N, மூட்டையின் நிறை m, புவியீர்ப்பு முடுக்கம் g, லிஃப்டின் முடுக்கம் a என்று வைத்தால்:

```
N − mg = ma
N = 50 × (9.8 + 1) = 540
```

முள் ஏறக்குறைய 55 கிலோவுக்குப் போகும். மூட்டையில் ஒரு நூல்கூடக் கூடவில்லை, பூமி இழுப்பதும் அதே 490தான். தராசு அளப்பது எடையை அல்ல, தன்னை அழுத்தும் விசையை. இதைத் 'தோற்ற எடை' என்கிறோம்.

லிஃப்டின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், இந்தக் கூடுதல் ஒரே ஒரு நொடிதான் இருக்கும். அப்புறம் சீரான வேகத்தில் ஏறும்போது முள் 50க்குத் திரும்பிவிடும். பல டிஜிட்டல் தராசுகள் எண் நிலைக்கும்வரை காத்திருந்து காட்டுவதால் இந்த ஏற்றத்தைத் தவறவிடலாம். முள் தராசு உடனே காட்டிக்கொடுக்கும்.

மேலே போவதால் கூடுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே இறங்கும் லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்க வேகத்தைக் குறைக்கும்போதும் முடுக்கம் மேல்நோக்கித்தான். அங்கேயும் முள் 50ஐத் தாண்டும்.